‘லொகேஷன்லதான் நிக்கிறேன் மேடம்’: தப்பு யார் பக்கம்?

கால் டாக்ஸி வரவில்லை. புக்கிங் ரத்தாகிறது. ரத்துக் கட்டணம் என்று ஒரு தொகை பயணியின் கணக்கில் ஏறுகிறது. “டிரைவர் வரவே இல்லை” என்று பயணி புகார் செய்கிறார். “நான் போய் நின்றேன், அவங்கதான் வரல” என்று ஓட்டுநரும் புகார் செய்கிறார். இருவரும் சான்றாக நீட்டுவது ஒரே சாட்டைத்தான். பத்துப் பன்னிரண்டு வரிகள் கொண்ட அந்த உரையாடலைப் படித்து, தப்பு யார் பக்கம் என்று யாரோ ஒருவர் முடிவு சொல்ல வேண்டும். நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் உட்கார்ந்திருப்பவருக்கு இது அன்றாட வேலை. பணத்தை இழந்த பயணியும், நேரத்தையும் எரிபொருளையும் இழந்த ஓட்டுநரும் இதைப் படிக்கத் தெரிந்துகொண்டால் தங்கள் தரப்பைச் சரியாக எடுத்துவைக்க முடியும்.

சட்டமும் இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறது. மத்திய அரசு 2020-ல் வெளியிட்டு, 2025 ஜூலையில் புதுப்பித்த வாடகை வாகனச் செயலி நிறுவனங்களுக்கான வழிகாட்டு நெறிமுறைகள், தக்க காரணமில்லாமல் பயணத்தை ரத்து செய்பவருக்குப் பயணக் கட்டணத்தில் 10 சதவீதம், அதிகபட்சம் 100 ரூபாய் என்று வரம்பு வைக்கின்றன. ஓட்டுநர் ரத்து செய்தாலும் பயணி ரத்து செய்தாலும் இதே அளவுகோல். இதை ஏற்று நடைமுறைப்படுத்த வேண்டியவை மாநில அரசுகள். ஆனால் ‘தக்க காரணம்’ இருந்ததா என்பதை எந்த விதியும் முன்கூட்டியே சொல்லிவிட முடியாது. அந்தந்தப் பயணத்தில் நடந்ததைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். நடந்தது பெரும்பாலும் சாட்டில்தான் பதிந்திருக்கிறது.

ஓர் உரையாடல்

சென்னையில் நாள்தோறும் நடப்பதை ஒட்டி ஒரு மாதிரி உரையாடலை எடுத்துக்கொள்வோம். வடபழனியில், ஆற்காடு சாலையை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு. கட்டடத்தின் முன்பக்கம் மெயின் ரோடு; பின்பக்கம் ஒரு குறுகலான ஒருவழித் தெரு. எழும்பூர் ரயில் நிலையம் போக ஒரு பெண் வீட்டுக்குள் இருந்தபடியே கார் புக் செய்கிறார். மாலை நேரம்.

6:12 ஆப்: ஓட்டுநர் ஏற்றுக்கொண்டார். 7 நிமிடத்தில் வருவார்.

6:14 ஓட்டுநர்: டிராப் எங்க மேடம்?

6:14 பயணி: எக்மோர் ஸ்டேஷன். சீக்கிரம் வாங்கண்ணா, ட்ரெயின் இருக்கு.

6:15 ஓட்டுநர்: வந்துட்டு இருக்கேன்.

6:21 ஆப்: ஓட்டுநர் வந்துவிட்டார்.

6:21 ஓட்டுநர்: லொகேஷன்ல நிக்கிறேன்.

6:22 பயணி: எங்கண்ணா? காணோமே. நான் மெயின் ரோட்டுல நிக்கிறேன்.

6:23 ஓட்டுநர்: லொகேஷன் பின்னாடி தெருவுல காட்டுது மேடம். இங்க வாங்க.

6:23 பயணி: பெரிய பெட்டி இருக்கு. நீங்க மெயின் ரோட்டுக்கு வாங்களேன்.

6:24 ஓட்டுநர்: தெரு ஒன்வே. சுத்திட்டுத்தான் வரணும். பத்து நிமிஷம் ஆகும்.

6:24 பயணி: சரி வாங்க.

6:31 பயணி: அண்ணா, வண்டி அங்கேயே நிக்குதே?

6:32 ஓட்டுநர்: டிராஃபிக் மேடம். லேட்டாகும். கேன்சல் பண்ணிட்டு வேற வண்டி போடுங்க.

6:33 பயணி: நீங்க கேன்சல் பண்ணுங்க.

6:35 ஆப்: பயணி ரத்து செய்தார்.

மேலோட்டமாகப் படிப்பவர்கள் இரண்டு விதமாகத் தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். ஓட்டுநர் பக்கம் சாய்பவருக்கு 6:21 போதும்: அவர் குறித்த இடத்துக்கு வந்துவிட்டார், பயணி அங்கே இல்லை, கடைசியில் ரத்து செய்ததும் பயணிதான். பயணி பக்கம் சாய்பவருக்கு 6:32 போதும்: கேன்சல் பண்ணச் சொன்னதே ஓட்டுநர்தான். இரண்டு பேரும் ஆளுக்கொரு வரியைப் பிடித்துக்கொள்கிறார்கள். சாட்டை அப்படிப் படிக்கக் கூடாது.

மூன்று வகை வரிகள்

இந்த வரிகளுக்கெல்லாம் ஒரே எடை கிடையாது. முதல் வகை, ஆப் தானே பதிந்தவை: எப்போது ஏற்றுக்கொண்டார், எப்போது ‘வந்துவிட்டார்’ ஆனது, யார் ரத்து செய்தார். நேரத்தைப் பொறுத்தவரை இவை நம்பகமானவை. இரண்டாம் வகை, ஆட்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்பவை: ‘வந்துட்டு இருக்கேன்’, ‘மெயின் ரோட்டுல நிக்கிறேன்’, ‘டிராஃபிக்’. இவை வெறும் கூற்றுகள். உண்மையா என்பதை வரைபடத்தில் வண்டி இருந்த இடத்தை வைத்துச் சரிபார்க்க வேண்டும். மூன்றாம் வகை, ஒருவர் கேட்டு மற்றவர் ஒப்புக்கொண்டவை. ‘பத்து நிமிஷம் ஆகும்’, ‘சரி வாங்க’ என்ற இரண்டு வரிகள் சேர்ந்து ஓர் ஏற்பாடு ஆகின்றன. தப்பு யாருடையது என்று தீர்மானிப்பதில் அதிக எடை இந்த மூன்றாம் வகைக்குத்தான். அதற்கு முன் நடந்த குழப்பத்தை இருவருமே ஏற்றுக்கொண்டு, இனி இப்படிச் செய்வோம் என்று புதிதாகப் பேசி முடித்த இடம் அது.

இப்படிப் பிரித்துக்கொண்ட பிறகு, ஒவ்வொரு வரிக்குப் பின்னும் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும்: இந்த நிமிடத்தில் அடுத்த காரியத்தைச் செய்ய வேண்டியவர் யார்? அவர் செய்தாரா? செய்யாமல் விட்டதால்தான் பயணம் கெட்டதா? யார் கோபமாகப் பேசினார், யார் மரியாதையாகப் பேசினார் என்பதற்கு இதில் இடமில்லை. ‘ப்ளீஸ்’ போட்டு எழுதுபவர் வராமல் இருக்கலாம். முறைப்பாக எழுதுபவர் சரியான இடத்தில் நிற்கலாம்.

பின் ஏன் பின்தெருவில் விழுந்தது?

6:21-இலிருந்து 6:24 வரை நடந்ததை முதலில் பார்ப்போம். ஓட்டுநர் 6:19-க்கு வந்திருக்க வேண்டும், 6:21-க்கு வந்தார். ஆப் காட்டும் நேரம் ஒரு மதிப்பீடுதான். மாலை நெரிசலில் இரண்டு நிமிடத் தாமதத்தைக் குறையாகச் சொல்ல முடியாது. அவர் வந்து நின்றது பயணியின் பின் இருந்த இடத்தில். ஆனால் பயணி நின்றது வேறு இடத்தில். அப்படியானால் பின் எப்படித் தப்பாக விழுந்தது?

திறந்த வானத்தின் கீழே ஒரு கைப்பேசியின் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் துல்லியத்தில் இடத்தைச் சொல்லும். கட்டடத்துக்குள் போய்விட்டால் செயற்கைக்கோள் சிக்னல் வலுவிழந்துவிடும். அப்போது அக்கம்பக்கத்து வைஃபை, கைப்பேசிக் கோபுரம் இவற்றை வைத்துத்தான் போன் இடத்தை ஊகிக்கிறது. வரைபடத்தில் நீலப் புள்ளியைச் சுற்றி வெளிர்நீல வட்டம் ஒன்று தெரிகிறதே, அந்த வட்டம் எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ அவ்வளவுக்குப் போனுக்கே தன் இடம் நிச்சயமில்லை என்று பொருள். இதற்கு மேல், ஆப் அந்தப் புள்ளியை அருகிலுள்ள சாலை ஒன்றில் கொண்டுபோய் ஒட்டவைக்கும், வண்டி சாலையில்தானே வர முடியும் என்பதால். முன்பக்கம் மெயின் ரோடும் பின்பக்கம் தெருவும் உள்ள கட்டடத்தில், புள்ளி பத்துப் பதினைந்து மீட்டர் பின்னால் விழுந்தாலே ஆப் பின்தெருவைத் தேர்ந்தெடுத்துவிடும். ஆளுக்கு அது பத்துப் பதினைந்து மீட்டர் நடை. காருக்கு அது, ஒருவழித் தெருவின் மறுமுனை வரை போய், மெயின் ரோட்டில் ஏறி, தடுப்புச்சுவர் விட்டிருக்கும் இடம் வரை ஓடி, யூ டர்ன் அடித்துத் திரும்பும் தொலைவு. மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிக்காக ஆற்காடு சாலையில் தடுப்புகள் வைத்துப் பாதையை மாற்றிய காலத்தில் அந்தச் சுற்று இன்னும் நீண்டது.

ஆகவே பயணி வேண்டுமென்று எதுவும் செய்யவில்லை. ஆனாலும் பின்னைச் சரிபார்த்து உறுதிசெய்யும் திரை அவரிடம்தான் வந்தது. தான் மெயின் ரோட்டில் நிற்கப் போவது அவருக்குத்தான் தெரியும். ஓட்டுநருக்குத் தெரிந்தது பின் மட்டுமே. எனவே இந்த மூன்று நிமிடத் தாமதமும், அதற்குக் காத்திருப்புக் கட்டணம் விழுந்தால் அதுவும், பயணி பக்கம்தான் சேரும். ‘எங்கண்ணா? காணோமே’ என்ற வரியைப் படித்து ஓட்டுநர் வரவில்லை என்று முடிவு கட்டுபவர்கள் தவறுவது இங்கேதான்.

ஒன்றை மட்டும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். ‘வந்துவிட்டார்’ என்பதை ஆப் தானாகப் போடவில்லை என்றால், ஓட்டுநர் பொத்தானைத் தட்டியதால் வந்திருக்கும். காத்திருப்பு நேரம் அந்தத் தட்டலிலிருந்துதான் ஓடத் தொடங்குகிறது. அதனால் சிலர் முந்நூறு நானூறு மீட்டர் தள்ளியிருக்கும்போதே தட்டிவிடுவது உண்டு. சாட்டே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். 6:21-க்கு ‘வந்துவிட்டார்’ ஆன பிறகு, 6:22-க்கு ‘சிக்னல்ல இருக்கேன் மேடம், வந்துடறேன்’ என்று ஒரு வரி இருந்தால், முதல் பதிவு பொய். தட்டிய நொடியில் வண்டி எங்கே இருந்தது என்பது நிறுவனத்தின் பதிவில் இருக்கும். பின்னுக்கும் அதற்கும் உள்ள தூரத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். நம் உரையாடலில் அப்படி இல்லை. ‘லொகேஷன் பின்னாடி தெருவுல காட்டுது’ என்று ஓட்டுநர் தெருவை அடையாளம் சொல்கிறார். அங்கே நிற்பவர் பேசும் பேச்சு அது.

‘சரி வாங்க’ என்ற வரி

6:23-க்கு இருவருக்கும் இடையே ஒரு சிறு இழுபறி. இங்க வாங்க என்கிறார் ஒருவர். நீங்க வாங்களேன் என்கிறார் மற்றவர். இந்த இடத்தில் ஓட்டுநருக்கு ஓர் உரிமை இருந்தது. “மேடம், பின் இங்கதான் இருக்கு, என்னால சுத்தி வர முடியாது, நீங்க வாங்க, இல்லைன்னா கேன்சல் பண்ணிடுங்க” என்று அவர் 6:24-க்கே சொல்லியிருந்தால், நியாயம் முழுக்க அவர் பக்கம் இருந்திருக்கும். பயணியை ஏற்ற வரும் தூரத்துக்குத் தனியாகக் காசு எதிர்பார்க்க முடியாத தொழில் இது. பத்து நிமிடம் சுற்றுவது அவருடைய பெட்ரோல்.

அவர் அப்படிச் சொல்லவில்லை. சுற்றி வர வேண்டும், பத்து நிமிடம் ஆகும் என்றார். பயணி அந்தப் பத்து நிமிடத்தை ஏற்றுக்கொண்டார். இதோடு பின் தவறிய கதை முடிந்துவிட்டது. அடுத்த காரியம் ஓட்டுநர் கையில்: வண்டியை எடுக்க வேண்டும். 6:34 வரை பயணிக்குச் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, நிற்பதைத் தவிர.

அடுத்த ஏழு நிமிடம் சாட்டில் ஒரு வரியும் இல்லை. சாட்டைப் படிப்பவர்கள் அதிகம் கவனிக்காமல் தாண்டிப் போவது இத்தகைய இடைவெளிகளைத்தான். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் ஓட்டுநர் தட்டச்சு செய்ய மாட்டார், செய்யவும் கூடாது. எனவே மௌனம் மட்டும் குற்றமாகாது. அந்த மௌனத்தின்போது வண்டி என்ன செய்தது என்பதுதான் கேள்வி. ‘வண்டி அங்கேயே நிக்குதே’ என்று பயணி 6:31-க்குச் சொல்கிறார். அதை ஓட்டுநர் மறுக்கவில்லை. ‘டிராஃபிக்’ என்று காரணம் சொல்கிறார். இப்போது அந்தக் கூற்றைச் சோதிக்க வேண்டும்.

நெரிசலில் சிக்கிய வண்டி அசையாமல் இருப்பதில்லை. இருபது மீட்டர் போகும், நிற்கும், ஐம்பது மீட்டர் போகும், நிற்கும். நிறுத்தி வைத்த வண்டியின் புள்ளியும் வரைபடத்தில் லேசாக ஆடும். ஆனால் அது ஜிபிஎஸ் தடுமாற்றம், ஒரே இடத்தைச் சுற்றிச் சில மீட்டர் அங்குமிங்கும் ஆடுவதோடு சரி. தெரு முனையை நோக்கி நகரவே நகராது. இந்த இரண்டையும் பதிவில் பிரித்துப் பார்ப்பது கடினமில்லை. நம் மாதிரியில் வண்டி 6:24 முதல் 6:32 வரை பின்தெருவில் பின் இருந்த அதே இடத்தில் நின்றது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ‘டிராஃபிக்’ நிற்காது. தெருவை லாரி ஏதாவது அடைத்திருந்தால் அதை 6:26-க்கே சொல்லியிருப்பார்; வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது, தட்டச்சு செய்யத் தடையில்லை. பயணி கேட்ட பிறகே காரணம் வருகிறது. அதே வரியில் ‘கேன்சல் பண்ணிட்டு வேற வண்டி போடுங்க’ என்பதும் வருகிறது. உண்மையிலேயே வரப் பார்க்கிறவர் இன்னும் எவ்வளவு நேரமாகும் என்று சொல்வார். வேறு வண்டி பார்க்கச் சொல்பவர் வர மாட்டார்.

பொத்தானை அழுத்தியவரும் ரத்துக்குக் காரணமானவரும்

6:35-க்கு ரத்துப் பொத்தானை அழுத்தியது பயணி. ஆப்பின் கணக்கில் ‘பயணி ரத்து’. தானியங்கி முறையில் கட்டணம் விழுவதும் இதனால்தான். ‘நீங்களே கேன்சல் பண்ணிடுங்க’ என்று ஓட்டுநர்கள் சொல்வதன் பின்னணியும் இதுதான். ரத்துகள் தன் கணக்கில் கூடினால் ஓட்டுநரின் மதிப்பீடு குறையும், ஊக்கத்தொகை போகும். அதைப் பயணி தலையில் போட்டால் அவர் தப்பிக்கலாம். 2022 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஓலா, ஊபர் நிறுவனங்களுக்கு அனுப்பிய நோட்டீசில் சுட்டிக்காட்டிய குறைகளில் ரத்துக் கட்டணம் விதிக்கப்படும் முறையும் ஒன்று.

நம் மாதிரியில் பயணி 6:33-க்கு ‘நீங்க கேன்சல் பண்ணுங்க’ என்று எழுதினார். அந்த ஒரு வரி பெரிய காரியம் செய்கிறது. தனக்கு ரத்து செய்ய விருப்பமில்லை, வர மறுப்பது எதிர்த்தரப்பு என்று பதிவாகிவிடுகிறது. இரண்டு நிமிடம் காத்திருந்து, ரயிலுக்கு நேரமாகிறது என்று அழுத்திவிட்டார். இதை அவருடைய ரத்தாகக் கணக்கிடக் கூடாது. பயணத்தைக் கெடுத்தது 6:24-க்குப் பிறகு வண்டி நகராததுதான்.

ஆக, இந்த உரையாடலுக்கு ஒற்றை வார்த்தையில் தீர்ப்பு இல்லை. முதல் மூன்று நிமிடத் தாமதம் பயணியுடையது. ரத்து ஓட்டுநருடையது. ரத்துக் கட்டணத்தைப் பயணிக்குத் திருப்பித் தர வேண்டும். பயணக் கட்டணம் 280 ரூபாய் என்றால், நெறிமுறைப்படி தக்க காரணமில்லாத ரத்துக்கு ஓட்டுநர் தரப்பில் வரக்கூடியது 28 ரூபாய்.

ஒரே ஒரு விஷயத்தை மாற்றிப் பாருங்கள். 6:24-க்கு ‘சரி வாங்க’ சொன்ன பிறகு வண்டி புறப்பட்டது. 6:27-க்கு மெயின் ரோட்டில் ஏறியது. 6:32-க்கு யூ டர்னுக்கு முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. அப்போதும் ஓட்டுநர் ‘டிராஃபிக் மேடம், லேட்டாகும், அவசரம்னா கேன்சல் பண்ணிட்டு வேற போடுங்க’ என்றே எழுதினார். கிட்டத்தட்ட அதே சொற்கள். ஆனால் இப்போது அது ஒரு நேர்மையான எச்சரிக்கை. அவர் கையில் இருந்ததைச் செய்துவிட்டார். இந்த நிலையில் பயணி ரத்து செய்தால் அதற்கு ஓட்டுநர் பொறுப்பல்ல. பின் தவறியதால் தொடங்கிய சுற்று அது. சாட்டை மட்டும் படித்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. வண்டியின் தடத்தோடு சேர்த்துப் படித்தால்தான் தெரியும்.

‘டிராப் எங்க?’ என்பது குற்றமா?

6:14-க்கு ஓட்டுநர் கேட்ட ‘டிராப் எங்க மேடம்?’ என்ற வரியைப் பலரும் உடனே சந்தேகமாகப் பார்ப்பார்கள். நீண்ட காலம் போகுமிடம் ஓட்டுநர்களுக்குக் காட்டப்படாமலே இருந்தது; பயணம் தொடங்கிய பிறகுதான் தெரியும். கேட்டுவிட்டு மறுப்பது அதனால் பெருகியது. பிறகு போகுமிடத்தையும், பணமாகவா ஆன்லைனிலா என்பதையும் முன்கூட்டியே காட்டும் வழக்கத்துக்கு நிறுவனங்கள் மெல்ல வந்தன. இன்றும் பழக்கத்தில் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வியை விடுங்கள், அதற்கடுத்து என்ன நடந்தது என்று பாருங்கள். எழும்பூர் என்று பதில் வந்த பிறகு ‘வந்துட்டு இருக்கேன்’ என்றார், வந்தும் சேர்ந்தார். எனவே இந்தக் கேள்விக்கு இங்கே எந்த எடையும் இல்லை. பதில் வந்த பிறகு வண்டி எதிர்த் திசையில் போயிருந்தாலோ, நின்ற இடத்திலேயே நின்று ஐந்து நிமிடம் கழித்து ‘டயர் பஞ்சர்’ என்று செய்தி வந்திருந்தாலோ, அப்போதுதான் 6:14 முக்கியமான வரியாகிறது. போகுமிடம் பிடிக்காததால் மறுத்தார் என்று ஊகிக்க அது போதுமான அடிப்படை.

சாட்டில் இல்லாதது

இப்படிப் படிப்பதற்கு ஓர் எல்லை உண்டு. நம் ஊரில் பாதிப் பேச்சு போனில்தான் நடக்கிறது. ‘கோயில் தாண்டி லெஃப்ட் எடுங்கண்ணா, பச்சைக் கேட்’ என்று வாயால் வழி சொல்வதுதான் நமக்குச் சுலபம். ஓட்டுநருக்கும் வண்டி ஓட்டும்போது அதுவே வசதி. அழைப்பு வந்த நேரமும் பேசிய நேரமும் பதிவில் இருக்கலாம். பேசியது சாட்டில் இருக்காது. எனவே இரண்டு சாட் வரிகளுக்கு நடுவில் நாற்பது நொடி அழைப்பு ஒன்று இருந்தால், பேசி முடித்த பிறகு வந்த முதல் வரியைக் கவனிக்க வேண்டும். அழைப்புக்குப் பின் பயணி ‘சரிண்ணா, அங்க வரேன்’ என்று எழுதியிருந்தால், தானே நடந்து வருவதாக ஒப்புக்கொண்டார் என்று எடுத்துக்கொள்ளலாம். எதுவுமே எழுதவில்லை என்றால், அந்த அழைப்பில் ‘வர முடியாதுன்னு சொன்னார்’ என்று எந்தத் தரப்பு சொன்னாலும் அப்படியே நம்ப முடியாது.

இன்னொன்று, ஆயத்த பதில்கள். ‘நான் வந்துகொண்டிருக்கிறேன்’, ‘நான் வந்துவிட்டேன்’ என்று ஆப்பே எழுதி வைத்திருப்பதை ஓட்டுநர் ஒரு தட்டில் அனுப்பிவிடலாம். சாட் முழுக்கப் பேச்சுத்தமிழில் இருக்கும்போது நடுவில் மட்டும் அச்சுத்தமிழில் ஒரு வரி வந்தால் பெரும்பாலும் அது இந்த வகை. எதிர்த்தரப்பு கேட்டதற்கான பதிலாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. ‘எந்தப் பக்கம் நிக்கிறீங்க?’ என்ற கேள்விக்கு ‘நான் வந்துவிட்டேன்’ என்று வந்தால், அந்தக் கேள்வி இன்னும் பதிலில்லாமல்தான் இருக்கிறது.

உணவு டெலிவரியில் இதே படிப்பு முறைதான், ஆனால் மூன்றாவதாக ஓர் ஆள் சேர்கிறார்: உணவகம். ‘கடையில வெயிட்டிங் சார்’ என்று டெலிவரி ஊழியர் எழுதினால், அவர் கடைக்கு வந்த நேரத்தையும் பார்சலைக் கையில் வாங்கிய நேரத்தையும் பார்க்க வேண்டும். அந்த இடைவெளியில் போன நேரம் அவருடையது கிடையாது. வாங்கியதிலிருந்து வாசல் வரை ஆன நேரத்துக்குத்தான் அவரைக் கேட்க முடியும்.

நீங்கள் செய்ய வேண்டியது

பயணிக்கு முதலில்: புக் செய்யும்போது பின்னை வைத்த பிறகு, அது சாலையின் எந்தப் பக்கத்தில் விழுந்திருக்கிறது என்று வரைபடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கட்டடத்துக்குப் பின்னால் தெரு இருந்தால் கட்டாயம் பாருங்கள். ஓட்டுநர் ஏற்றுக்கொண்டதும் நிற்குமிடத்தை ஒரு வரியில் எழுதுங்கள்: ‘மெயின் ரோட்டுல, கோடம்பாக்கம் போற பக்கம், பேங்க் வாசல்.’ சாலையின் எந்தப் பக்கம் என்பதைச் சொல்லாத அடையாளம், நடுவில் தடுப்புச்சுவர் உள்ள சாலையில் பயன்படாது. போனில் பேசியதைச் சாட்டிலும் ஒரு வரி எழுதிவிடுங்கள். ஓட்டுநர் கேன்சல் பண்ணச் சொன்னால், ‘வர்றீங்களா, இல்லையா?’ என்று கேட்டு அவருடைய பதிலை எழுத்தில் வாங்குங்கள். ரத்துப் பொத்தானைத் தொடுவதற்கு முன்பே சாட்டையும், வண்டி நிற்கும் இடம் தெரியும் வரைபடத்தையும் நேரம் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். பல ஆப்களில் பயணம் முடிந்ததும் இரண்டும் பார்வையிலிருந்து போய்விடும்.

ஓட்டுநருக்கும் இதே பாதுகாப்பு வேண்டும். பின் இருந்த இடத்தில் நின்ற பிறகே ‘வந்துவிட்டேன்’ தட்டுங்கள். நின்ற இடத்தின் அடையாளம் ஒன்றை எழுதுங்கள். பின் தவறு என்றால் அதை அப்போதே சொல்லுங்கள். சுற்றி வர முடியாது என்றாலும் அப்போதே சொல்லிவிடுங்கள். ‘வரேன்’ என்று சொன்ன நிமிடம் வரை நியாயம் உங்கள் பக்கம் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டு வண்டியை எடுக்காமல் இருந்தால் அந்த நியாயம் போய்விடும்.

கட்டணத்தைத் திரும்பக் கேட்கும்போது ‘டிரைவர் மோசம்’ என்று எழுதாதீர்கள். ‘6:24-க்குப் பத்து நிமிடத்தில் வருவதாகச் சொன்னார்; 6:32 வரை வண்டி நகரவில்லை; கேன்சல் செய்யச் சொன்னது அவர்; பதிவைப் பாருங்கள்’ என்று நேரத்தோடு எழுதுங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, நிறுவனத்தின் குறைதீர்க்கும் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் உங்கள் புகார் வந்து சேர்ந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. ரயிலைத் தவறவிட்டது போன்ற பெரிய இழப்புக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம்.

நிறுவனங்களுக்கு ஒரு வேண்டுகோள். யார் பொத்தானை அழுத்தினார் என்பதை வைத்துக் கட்டணம் போடுவதை நிறுத்துங்கள். சாட், அழைப்பு நேரம், வண்டியின் தடம் மூன்றும் உங்களிடம் மட்டும்தான் ஒன்றாக இருக்கின்றன. புகார் வந்தால் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு முடிவு சொல்ல வேண்டிய கடமையும் உங்களுக்குத்தான் இருக்கிறது.